முதல் வருடம் 50,000 ரூபாய் கூடுதல்: செலவா, சேமிப்பா?

இயந்திரம் வாங்க, பட்டறையை விரிவாக்க என்று வங்கியில் டெர்ம் லோன் கேட்டவர்களில் பலருக்கு, ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ஒரு வரி உறுத்தும். ‘அசல் 60 சம மாதத் தவணைகளில் செலுத்தப்பட வேண்டும். வட்டி, கணக்கில் பற்று வைக்கப்படும்போது தனியாகச் செலுத்தப்பட வேண்டும்.’ வீட்டுக் கடன், வாகனக் கடன் என்று இஎம்ஐ கட்டியே பழகியவர்கள் இதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் மாதம் எவ்வளவுதான் கட்ட வேண்டும்?” என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் மாதத் தொகையே மிரட்டுகிறது. இன்னொரு வங்கி அதே வட்டியில் இஎம்ஐ தருவதாகச் சொன்னால் குழப்பம் கூடுகிறது.

இந்த இரண்டு முறைகள் பற்றி அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு, ஒரே ஒரு கடனை வைத்து இங்கே விளக்கம் தருகிறோம். கடன் தொகை 12 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், காலம் 5 ஆண்டு, அதாவது 60 மாதம். மாதத்துக்குச் சரியாக 1 சதவீதம் என்று கணக்குப் போட வசதியாக இருப்பதால்தான் 12 சதவீதம். உங்கள் வங்கியின் வட்டி வேறாக இருக்கலாம். கணக்கின் போக்கு மாறாது.

இரண்டு முறைகளுக்கும் என்ன வித்தியாசம்?

சம அசல் முறையில், கடனை மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். 12 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் 20,000. ஒவ்வொரு மாதமும் இந்த 20,000 ரூபாய் அசலில் கழியும். அதோடு, அந்த மாதம் மீதியிருக்கும் கடனுக்கு உண்டான வட்டியையும் கட்ட வேண்டும். முதல் மாதம் முழு 12 லட்சத்துக்கும் வட்டி 12,000. ஆக மொத்தம் 32,000. அடுத்த மாதம் நிலுவை 11,80,000 ஆகிவிடுவதால் வட்டி 11,800, கட்ட வேண்டியது 31,800. இப்படி மாதத்துக்கு 200 ரூபாய் இறங்கிக்கொண்டே வந்து, 60-வது மாதம் 20,200 ரூபாயில் கடன் முடியும்.

சமத் தவணை முறை, அதாவது நாம் இஎம்ஐ என்று சொல்வது, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையை 60 மாதமும் ஒன்றாக வைத்துக்கொள்கிறது. இந்தக் கடனுக்கு அது 26,693 ரூபாய். முதல் மாதம் இதில் 12,000 வட்டிக்குப் போய்விடும். மிச்சம் 14,693 மட்டுமே அசலில் கழியும். நாளாக ஆக வட்டியின் பங்கு குறைந்து அசலின் பங்கு கூடும். கடைசித் தவணையில் வட்டி 264 ரூபாய்தான்.

முதல் மாத வட்டி இரண்டிலும் அதே 12,000 என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டி விகிதம் ஒன்று, கடன் ஒன்று என்னும்போது முதல் மாதம் வட்டி மாறுவதற்கு வழியே இல்லை. மாறுவது, அசல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது மட்டும்தான்.

முதல் வருடத்தில் எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்?

சம அசல் முறையில் முதல் 12 மாதங்களில் அசலாக 2,40,000 ரூபாய், வட்டியாக 1,30,800 ரூபாய், ஆக 3,70,800 ரூபாய் போகும். இஎம்ஐ முறையில் 3,20,320 ரூபாய். வித்தியாசம் 50,480. சராசரியாக மாதத்துக்கு 4,200 ரூபாய் கூடுதல்.

தொழில் தொடங்கும் வருடத்தில் இது சின்னத் தொகை அல்ல. இயந்திரம் வந்து இறங்கி, மின் இணைப்பு கிடைத்து, ஆர்டர் பிடித்து, பில் போட்டு, பணம் வசூலாக மாதங்கள் ஆகும். அந்த நேரத்தில்தான் சம அசல் முறை அதிகமாகக் கேட்கிறது. இதனால்தான் பலரும் “அசல் முறை என்றால் முதல் வருடம் 50,000 நட்டம்” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

அந்த 50,480 ரூபாய் கூடுதல் செலவுதானே?

இல்லை. கையிலிருந்து போகும் பணம் வேறு, செலவு வேறு. முதல் வருட முடிவில் கடன் கணக்கில் என்ன மீதியிருக்கிறது என்று பார்த்தால் இது புரியும்.

சம அசல் முறையில் நிலுவை 9,60,000 ரூபாய். இஎம்ஐ முறையில் நிலுவை 10,13,652 ரூபாய். அதாவது, 50,480 ரூபாய் கூடுதலாகக் கட்டியவருக்குக் கடன் 53,652 ரூபாய் குறைவாக இருக்கிறது. கூடுதலாகக் கட்டியது முழுவதும் அவருடைய கடனைத்தான் அடைத்திருக்கிறது. அதற்கு மேலும் 3,172 ரூபாய் அவருக்கு லாபம்.

கடன் வாங்கியதற்காக நாம் உண்மையில் செய்யும் செலவு வட்டி மட்டுமே. முதல் வருட வட்டி, சம அசல் முறையில் 1,30,800 ரூபாய். இஎம்ஐ முறையில் 1,33,972 ரூபாய். வித்தியாசம் அதே 3,172. ஆகவே ‘முதல் வருடச் செலவு’ என்று கேட்டால் சம அசல் முறையில்தான் செலவு குறைவு, அதுவும் மிகக் கொஞ்சமே குறைவு. ‘முதல் வருடம் கையிலிருந்து போவது’ என்று கேட்டால் சம அசல் முறையில் 50,480 அதிகம். இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முக்கியமான தவறு.

ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதும் இதே வித்தியாசம் தெரியும். லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதப்படுவது வட்டிதான். அசல் திருப்பிச் செலுத்துதல் அங்கே வராது, வருமான வரிக்கும் அது கழிவாகாது. அதனால் சம அசல் முறையில் கடன் கட்டும் பட்டறையின் கணக்குப் புத்தகத்தில் லாபம் நன்றாகத் தெரியும், வங்கிக் கணக்கில் பணம் இருக்காது. “லாபம் என்று ஆடிட்டர் சொல்கிறார், காசு எங்கே?” என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அசலுக்குப் போன 2,40,000 ரூபாயைத்தான்.

முதல் வருடம் 3,172 ரூபாய்தான் மிச்சம் என்றால், சம அசல் முறையால் பெரிய லாபம் இல்லையா?

மிச்சம் பின்னால் வருகிறது. ஐந்தாண்டு வட்டியை வருடவாரியாகப் பார்ப்போம்.

| ஆண்டு | சம அசல் முறையில் வட்டி (ரூ.) | இஎம்ஐ முறையில் வட்டி (ரூ.) | மிச்சம் (ரூ.) |
|---|---|---|---|
| 1 | 1,30,800 | 1,33,972 | 3,172 |
| 2 | 1,02,000 | 1,10,338 | 8,338 |
| 3 | 73,200 | 83,707 | 10,507 |
| 4 | 44,400 | 53,699 | 9,299 |
| 5 | 15,600 | 19,884 | 4,284 |
| மொத்தம் | 3,66,000 | 4,01,600 | 35,600 |

முதல் வருடம் வேகமாக அசலைக் குறைத்ததன் பலன் இரண்டாம், மூன்றாம், நான்காம் வருடங்களில் வட்டிக் குறைவாகத் திரும்பி வருகிறது. இரண்டு கடன்களின் நிலுவைக்கும் இடையே உள்ள இடைவெளி மூன்றாம் ஆண்டில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் மிச்சமும் அந்த ஆண்டில்தான் அதிகம்.

மொத்தம் 35,600 ரூபாய் மிச்சம். இதை வங்கி தரும் சலுகையாக நினைக்கக் கூடாது. இஎம்ஐ கட்டுபவரை வங்கி ஏமாற்றுகிறது என்றும் நினைக்கக் கூடாது. இரண்டிலும் வட்டி அதே 12 சதவீதம்தான். இஎம்ஐ வாங்கியவர் வங்கியின் பணத்தைக் கொஞ்சம் கூடுதல் காலம் தன்னிடம் வைத்திருக்கிறார், அதற்கான வட்டியைக் கட்டுகிறார். அவ்வளவுதான்.

மாதத் தவணை எப்போது இஎம்ஐ-யைவிடக் குறையும்?

27-வது மாதம் சம அசல்காரர் கட்டுவது 26,800 ரூபாய், இஎம்ஐ-யைவிட இன்னும் கொஞ்சம் அதிகம். 28-வது மாதம் 26,600 ரூபாய். அங்கிருந்து அவருக்குச் சுமை குறைவு.

ஆனால், அதுவரை கூடுதலாகக் கட்டி வந்தது ஒரே நாளில் ஈடாகிவிடாது. 27-வது மாத முடிவில் அவர் மொத்தமாக 73,000 ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டியிருப்பார். இரண்டு பேரும் அதுவரை கட்டிய மொத்தத் தொகை ஏறக்குறைய சமமாவது 54-வது மாதத்தில்தான். ஐந்தாண்டுக் கடனில் நாலரை வருடம் வரை, கையிலிருந்து அதிகம் கொடுத்தவர் சம அசல்காரரே. இரண்டாம் வருடத்திலேயே மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அசலுக்கு ஆறு மாத விடுப்புக் காலம் தருகிறார்கள். முதல் வருடச் சுமை தீர்ந்துவிடும் அல்லவா?

மொரடோரியம் என்று சொல்லப்படும் இந்த விடுப்புக் காலம் முதல் வருடத்தை எளிதாக்கும். ஆனால் சுமையை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவிடும். விடுப்பு அசலுக்கு மட்டுமே. வட்டியை மாதாமாதம் கட்டிவர வேண்டும் என்றுதான் பெரும்பாலும் நிபந்தனை இருக்கும்.

நமது கடனிலேயே, மொத்தக் காலம் 60 மாதம், அதில் முதல் ஆறு மாதம் விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் தலா 12,000 வட்டி மட்டும். மீதி 54 மாதங்களில் 12 லட்சத்தையும் அடைக்க வேண்டும் என்பதால் அசல் தவணை 20,000 அல்ல, 22,222 ரூபாய். ஏழாவது மாதம் கட்ட வேண்டியது 12,000-லிருந்து ஒரேயடியாக 34,222 ரூபாய்க்கு எகிறும்.

முதல் வருடம் மொத்தம் 2,74,000 ரூபாய்தான் போகும். இரண்டாம் வருடம் 3,80,000 ரூபாய். விடுப்பு இல்லாமல் கட்டியிருந்தால் இரண்டாம் வருடம் 3,42,000 ரூபாயில் முடிந்திருக்கும். ஐந்தாண்டு மொத்த வட்டியும் 3,66,000-லிருந்து 4,02,000 ரூபாய் ஆகிவிடுகிறது. விடுப்பு இல்லாத இஎம்ஐ கடனின் வட்டியும் ஏறக்குறைய இதேதான். ஆறு மாத விடுப்புக்கான விலை 36,000 ரூபாய் என்று தெரிந்து எடுத்துக்கொண்டால் தவறில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கி வருமானம் வர ஆறு மாதம் ஆகும் என்றால் அது கொடுக்க வேண்டிய விலைதான். இயந்திரம் வந்த மாதமே ஓடப்போகிறது என்றால் விடுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு ஃபைனான்ஸ் நிறுவனமும் 12 சதவீதம்தான் என்கிறது. மாதம் 32,000 கேட்கிறது. அதுவும் சம அசல் முறைதானா?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். தவணை 32,000 என்று கேட்டதும், சம அசல் முறையின் முதல் மாதத் தொகையும் அதுவே என்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். இரண்டாவது மாதத்தைக் கேளுங்கள். அப்போதும் 32,000, கடைசி மாதமும் 32,000 என்றால் அது ஃப்ளாட் வட்டி.

ஃப்ளாட் வட்டியில், கடன் குறைந்தாலும் வட்டி குறையாது. 12 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1,44,000. ஐந்து வருடத்துக்கு 7,20,000. அதை அசலோடு கூட்டி 60-ஆல் வகுத்தால் 32,000. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 12 லட்சத்துக்கே வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் நிலுவைக் கணக்கில் சொன்னால் இந்த வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல்.

முதல் வருடத்தில் ஃப்ளாட் முறைக்குக் கட்டுவது 3,84,000 ரூபாய், சம அசல் முறைக்கு 3,70,800 ரூபாய். பார்க்க 13,200 ரூபாய்தான் வித்தியாசம். முதல் வருடத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். மொத்த வட்டியில் வித்தியாசம் 3,54,000 ரூபாய்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும், சில்லறைக் கடன்களுக்கும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் டெர்ம் லோன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீத விகிதமும், தவணைவாரி அசல்-வட்டி அட்டவணையும் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த விகிதத்தையும், அட்டவணையின் இரண்டாவது வரியையும் பாருங்கள். இரண்டாவது மாதம் வட்டி குறைந்திருந்தால் குறையும் நிலுவை. ஆண்டுச் சதவீத விகிதம் 20-க்கு மேல் இருந்தால் வாயால் சொன்ன 12 சதவீதம் ஃப்ளாட் கணக்கு.

முதல் மாத வட்டி 12,000 என்றீர்கள். என் கணக்கில் 12,230 பிடித்திருக்கிறார்களே?

வங்கிகள் பொதுவாக நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. 12 லட்சத்துக்கு 12 சதவீதத்தில் 31 நாள் மாதம் என்றால் 12,230 ரூபாய், 28 நாள் பிப்ரவரி என்றால் 11,047 ரூபாய். வருடம் முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். இஎம்ஐ-யில் தவணை மாறாததால் இது நம் கண்ணில் படுவதில்லை. சம அசல் முறையில் வட்டி தனியாகத் தெரிவதால் மாதாமாதம் கண்ணில் படுகிறது.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி. “மாதம் 20,000 தவணை” என்று மனதில் பதிந்துபோய், வட்டியை மறந்து 20,000 மட்டும் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில், வரும் பணம் முதலில் வட்டிக்குத்தான் வரவு வைக்கப்படும். 20,000 கட்டினால் 12,000 வட்டிக்குப் போய், அசலில் 8,000 மட்டுமே கழியும். அசல் தவணையில் 12,000 பாக்கி விழும். ஒழுங்காகக் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பவரின் கணக்கு மாதாமாதம் பின்தங்கிப் போகும். பாக்கி 90 நாள்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே, பாக்கி விழுந்த விவரம் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போய்விடும்.

தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. இஎம்ஐ-க்குக் குறிப்பிட்ட தொகையை எழுதினால் போதும். சம அசல் முறையில் தொகை மாதாமாதம் மாறும் என்பதால், அதிகபட்சத் தொகை என்று எழுத வேண்டும். அது முதல் மாதத்தின் 31 நாள் வட்டியையும் தாங்குவதாக, 32,230-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 32,000 என்று எழுதிக் கொடுத்தால் முதல் மாதமே திரும்பிவிடும்.

வட்டி விகிதம் ஏறினால் எந்த முறையில் பாதிப்பு அதிகம்?

மாறும் வட்டிக் கடனில் விகிதம் 12-லிருந்து 13 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சம அசல் முறையில் அசல் தவணை 20,000 அப்படியே இருக்கும். முதல் மாத வட்டி மட்டும் 13,000 ஆகும். ஆயிரம் ரூபாய் ஏறியது அந்த மாதமே கையில் தெரியும். கடன் முடியும் நாள் மாறாது.

இஎம்ஐ-யில் தொகையை மாற்றாமல் விட்டால் கையில் ஒன்றும் தெரியாது. ஆனால் 60 மாதக் கடன் 62 மாதமாக நீளும். ஐந்தாண்டுக் கடனில் இது பெரிதல்ல. 20 ஆண்டு வீட்டுக் கடனில் இதே விளைவு வருடக்கணக்கில் நீட்டிவிடும். அதனால்தான், இஎம்ஐ முறையில் திருப்பிச் செலுத்தும் தனிநபர் கடன்களில் வட்டி மாறும்போது தவணையைக் கூட்டிக்கொள்வதா, காலத்தை நீட்டிக்கொள்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. வீட்டுக் கடனும் இதில் அடங்கும்.

வீட்டுக் கடனிலும் சம அசல் முறை கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பது அரிது. காரணம் முதல் தவணைதான். 30 லட்சம் ரூபாய், 9 சதவீதம், 20 ஆண்டு என்று எடுத்துக்கொண்டால் இஎம்ஐ சுமார் 27,000 ரூபாய். சம அசல் முறையில் அசல் 12,500, முதல் மாத வட்டி 22,500, ஆக 35,000 ரூபாய். சம்பளத்தில் இத்தனை பங்கு தவணைக்குப் போகலாம் என்று வைத்துத்தான் வங்கி கடன் தொகையை முடிவு செய்கிறது. 27,000 கட்ட முடியும் என்ற சம்பளக்காரருக்கு இஎம்ஐ-யில் 30 லட்சம் கிடைத்தால், சம அசல் முறையில் அவருக்கு 23 லட்சம்தான் கிடைக்கும்.

முதல் வருடம் கையிலிருந்து போவதில் வித்தியாசம் சுமார் 90,000 ரூபாய். முதல் வருட வட்டியில் வித்தியாசம் 4,000 ரூபாய்கூட இல்லை. 20 ஆண்டு மொத்தத்தில் வட்டி மிச்சம் 7,66,000 ரூபாய்க்கு மேல். காலம் நீள நீள, முதல் வருடச் சுமையும் கடைசி மிச்சமும் சேர்ந்தே வளர்கின்றன. ஜப்பானின் ‘ஃப்ளாட் 35’ என்ற நிலையான வட்டி வீட்டுக் கடனில், கடன் வாங்குபவர் இந்த இரண்டு முறைகளில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியும். பெயரில் ஃப்ளாட் இருந்தாலும் நம் ஊர் ஃப்ளாட் வட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இஎம்ஐ-யில் இருந்துகொண்டே அந்த மிச்சத்தைப் பெற முடியாதா?

முடியும். வட்டி, நிலுவையைத்தான் பார்க்கிறது. கடனின் பெயரைப் பார்ப்பதில்லை. முதல் வருடக் கடைசியில் அந்த 50,480 ரூபாயை மொத்தமாக இஎம்ஐ கடனில் கட்டினால் நிலுவை 10,13,652-லிருந்து 9,63,172 ஆகும். சம அசல்காரரின் நிலுவை 9,60,000. இடையில் இருப்பது அந்த 3,172 ரூபாய் மட்டுமே. பணம் வரும்போது கட்டலாம், வராத வருடம் விட்டுவிடலாம் என்ற சுதந்திரத்துக்கு ஒரு வருடத்தில் கொடுக்கும் விலை அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, முன்கூட்டிச் செலுத்தும் கட்டணம். 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ ஒப்புதலாகும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர்களிடமும் குறு, சிறு நிறுவனங்களிடமும் தொழில் கடனுக்கு வணிக வங்கிகள் இந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது. சிறு நிதி வங்கிகள், கூட்டுறவு வங்கிகள் போன்ற சில வகைகளுக்கு விதி சற்று வேறுபடும். நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டணம் 2 சதவீதம் என்று இருந்தால், 50,480 கட்டுவதற்கு 1,010 ரூபாய் தண்டம். இரண்டாவது, கூடுதல் தொகை கட்டும்போது ‘காலத்தைக் குறையுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம்’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். தவணையைக் குறைத்துவிட்டால் கடன் அதே 60 மாதம் ஓடும், மிச்சம் சுருங்கிவிடும்.

கடைசியில் எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

முதல் வருடத்தின் மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதுங்கள். கூலி, வாடகை, மின் கட்டணம், மூலப்பொருள், வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் 32,000 ரூபாய்க்கு மேல் நிச்சயமாகத் தங்கும், சில மாதம் வசூல் தாமதமானாலும் தாங்கும் என்றால் சம அசல் முறையை எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பட்டறை, கையில் ஆர்டர், கூடுதலாக ஒரு இயந்திரம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். 35,600 ரூபாய் வட்டி மிச்சம், இரண்டேகால் வருடம் தாண்டியதும் மாதச் சுமையும் இலேசு.

27,000 கட்டலாம், 32,000 என்றால் இழுபறி என்ற நிலையில் இருப்பவர் சம அசல் முறையை எடுத்தால், பற்றாக்குறையை வெளியில் வாங்கித்தான் சமாளிக்க நேரும். ‘ரெண்டு வட்டி’க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு, 50,000 வாங்கி ஒரு வருடம் வைத்திருந்தால் 12,000 ரூபாய் வட்டி போகும். வங்கியில் முதல் வருடம் 3,172 மிச்சம் பிடிப்பதற்காக வெளியில் 12,000 கொடுத்த கதை ஆகிவிடும். அவர் இஎம்ஐ-யில் இருந்துகொண்டு, நல்ல மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதே சரி.

ஒப்புதல் கடிதத்தில் சம அசல் முறை என்று வந்துவிட்டாலும் அதை மாற்றவே முடியாது என்றில்லை. பணம் வழங்கப்படுவதற்கு முன், உங்கள் முதல் 12 மாத வரவு செலவுத் தாளோடு கிளை மேலாளரைப் பார்த்து, இஎம்ஐ-யாக மாற்றவோ, மூன்று மாத அசல் விடுப்போ கேட்கலாம். முதல் தவணை தவறிய பிறகு கேட்டால் அது மறுசீரமைப்பு ஆகிவிடும். பதிவேட்டில் அது வேறு மாதிரி நிற்கும்.